மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போவதும் அதன் பின் வரும் குற்ற உணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கிளையில் ஐந்து பேர். நான்கு பேரும் மேசையிலேயே சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் பின்பக்கம் போய் இருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். திரும்பி வரும்போது எதையோ களவெடுத்துவிட்டு வருவதுபோல இருக்கிறது. ஏன்?

இரண்டு வேறு உணர்வுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே உணர்வுபோல வருவதுதான் காரணம். நான் எழும்பிப் போன நேரத்தில் என் வேலை இன்னொருவர் தலையில் விழுந்திருக்குமோ என்ற எண்ணம் அவற்றில் ஒன்று. அது கடன் சம்பந்தப்பட்டது. எல்லோரும் குனிந்திருக்கும் அறையில் நான் மட்டும் எழும்பி நடந்து போவதை மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் மற்றது. அது பிறர் பார்வை சம்பந்தப்பட்டது. முதலாவதை அளக்கலாம், அளந்து திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவதை எவ்வளவு கொடுத்தாலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் அங்கே கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

கிளிநொச்சியில் ஒரு தனியார் நிதி நிறுவனக் கிளையின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு வருடங்களுக்கு மேல் கூச்சத்துக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடிவந்தேன், மாலையில் எல்லோரும் போன பின்பும் இருந்தேன், திரும்பி வந்து கதிரையில் இருக்கும்போது யாரும் கேட்காமலே காரணம் சொன்னேன். உணர்வு குறையவில்லை. அது எந்த வகை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் குறையத் தொடங்கியது.

கடனையும் கூச்சத்தையும் எப்படிப் பிரித்து அறிவது?

நினைத்துப் பார்த்துப் பிரிக்க முடியாது. எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு சிறிய கொப்பியை எடுத்து, இரண்டு கிழமைக்கு, அதாவது பத்து வேலைநாட்களுக்கு, நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களைத் தேடி வந்த ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என்ன வந்தது, யார் அதைக் கையாண்டார், நீங்கள் திரும்பி வரும்வரை அது பொறுத்திருக்கக் கூடியதா என்ற மூன்று விடயங்கள் போதும்.

நான் 12.45க்கு எழும்பி 1.25க்குத் திரும்புவேன். பத்து நாளில் என்னைத் தேடி வந்தவை பதினொன்று. அவற்றில் ஆறு தொலைபேசி அழைப்புகள். "ஒன்றரைக்குப் பிறகு எடுங்கோ" என்று சொல்லப்பட்டு, அவர்களும் அப்படியே மறுபடி எடுத்திருந்தார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் மீதித் தொகையை அறிய நேரில் வந்தார்கள். ஒருவர் வாங்கில் இருந்து காத்திருந்தார், மற்றவர் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். இந்த எட்டினாலும் என் சக ஊழியர் ஒருவருக்கும் அரை நிமிடத்துக்கு மேல் செலவாகவில்லை.

மிஞ்சிய மூன்றும் ஒரே மாதிரியானவை. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் தவணைப் பணம் சேர்க்கப் போன எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர், கடனை முழுமையாக அடைத்து முடிக்க விரும்பும் ஒருவருடைய முற்றத்தில் நின்றுகொண்டு, சரியான முடிவுத் தொகையைக் கேட்டு எடுத்த அழைப்புகள் அவை. காசோடு நிற்கும் ஆளை ஒரு மணித்தியாலம் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் காசாளர் தம்பி, சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டு வந்து, பழக்கமில்லாத என் கணினியில் அந்தக் கணக்கைத் தேடி, தொகையைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பத்து நிமிடம். இரண்டு கிழமையில் நான் உண்மையாகவே பட்ட கடன் அவருடைய முப்பது நிமிடமும் மூன்று முறை ஆறிப்போன சோறும்தான்.

அந்த எழுத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதியும் வெட்கமும். கடன் இவ்வளவு சிறியதா என்பது நிம்மதி. இத்தனை நாளும் எல்லோருக்கும் பொதுவாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நான், உண்மையில் பாதிக்கப்பட்ட ஒருவரைக் கவனிக்கவே இல்லை என்பது வெட்கம்.

பிறகு செய்தது எளிமையானது. அன்று முடிக்கக்கூடும் என்று உத்தியோகத்தர்கள் காலையில் சொல்லும் கணக்குகளின் முடிவுத் தொகைகளை 12.30க்கு எடுத்து, வட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு எழும்புவேன். அடுத்த இரண்டு கிழமையில் அப்படிப்பட்ட அழைப்பு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதற்கு ஈடாக, தம்பி வங்கிக்குப் பணம் கட்டப் போகும் நேரத்தில் அவருடைய தொலைபேசியை நான் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகும் எழும்பும்போது என் வயிற்றில் எது புரண்டதோ அது கூச்சம்தான் என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்தது.

நான் கேட்டால் எல்லோரும் "ஒன்றும் வரவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். அதை நம்பலாமா?

முழுவதும் நம்ப வேண்டாம். நம்மவர்கள் மரியாதைக்காகச் சொல்லும் பதில் அது. "ஏதும் கரைச்சலோ?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், "எத்தனை பேர் எடுத்தவை, யார் யார்?" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். தொலைபேசியில் பதிவாகும் அழைப்பு விபரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சட்டப்படி எனக்கு அந்த நேரம் உரியதுதானா?

தனியார் அலுவலகம் என்றால், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். அதன்படி வழமையான வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். உணவுக்கும் ஓய்வுக்குமான இடைவேளை இந்தக் கணக்கில் சேராது. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் கவனிப்பதில்லை. காலை 8.30க்கு வந்து மாலை 5.30க்குப் போகிறவர் அலுவலகத்தில் கழிப்பது 9 மணித்தியாலம். அதில் ஒரு மணித்தியாலம் இடைவேளை என்று எடுத்துக்கொண்டால்தான் 8 வருகிறது. மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே கணக்குப் பார்ப்பவர் ஒன்பதாவது மணித்தியாலத்தையும் கொடுக்கிறார். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு இருந்தாலும், யாரும் கேட்காமல் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் செய்யப்பட்ட வேலை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அரச அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் அன்றி, தாபன விதிக்கோவையும் சுற்றறிக்கைகளும் பொருந்தும். எங்கே இருந்தாலும் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, இடைவேளை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு முறை வாசியுங்கள்.

ஆனால் சட்டம் தீர்ப்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் உள்ள கணக்கை மட்டுமே. காசாளர் தம்பியின் ஆறிய சோற்றுக்குச் சட்டத்தில் பதில் இல்லை. உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பலருக்குக் குற்ற உணர்வு போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர்கள் சாப்பிடும்போதும் வேலை செய்கிறார்கள். அப்படியென்றால் என்னை விடக் கூடுதலாக உழைக்கிறார்கள் என்பது உண்மைதானே?

ஒரு நாள் அவர்களைக் கவனமாகப் பாருங்கள். நாம் சாப்பிடுவது ரொட்டித் துண்டு அன்று. குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, சில நாட்களில் இரணைமடுக் குளத்து யப்பான் மீன். அதை வலது கையால் பிசைந்துதான் சாப்பிடுகிறோம். அந்தக் கையால் விசைப்பலகையைத் தொட முடியாது, ரசீதுப் புத்தகத்தைப் புரட்ட முடியாது, கையொப்பம் வைக்க முடியாது. மிஞ்சுவது இடது கை. இடது கையால் சுட்டியை நகர்த்தித் திரையை மேலும் கீழும் இழுக்கலாம், கைத்தொலைபேசியைப் பார்க்கலாம், வந்த அழைப்பைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசலாம். மீன் முள்ளைப் பார்த்து எடுக்க வேண்டிய நாளில் கண்ணுக்கும் வேறு வேலை இல்லை.

ஆகவே சோறு சாப்பிடுகிறவரின் மேசை நேரம், பெரும்பாலும் வேலையாகவும் இல்லை, ஓய்வாகவும் இல்லை. எங்கள் கிளையில் ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில் இடது கையால் பதிந்த ஒரு தவணைத் தொகையில் ஒரு பூச்சியம் குறைந்துபோய், அன்று மாலை காசு ஒத்துவராமல் மூன்று பேர் ஆறரை மணிவரை தேடினோம். குழம்புக் கறை பட்ட விண்ணப்பப் படிவங்களைத் திரும்ப நிரப்பச் சொல்லி மாங்குளத்திலிருந்து ஆட்களை அழைத்ததும் உண்டு. இதை அவர்களிடம் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மனம் போடும் தராசில் அவர்கள் பக்கத்துத் தட்டு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பாரமானதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கவனம் வேறெங்கோ இருக்கும்போது சாப்பிட்ட சாப்பாடு மனதில் பதிவது குறைவு. அதனால் பின்னேரத்தில் கூடுதலாகக் கொறிக்கத் தோன்றும் என்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். மூன்றரை மணிக்குத் தேத்தண்ணீரோடு மிக்சர் பைக்கற்றுகள் எந்த மேசைகளில் பிரிபடுகின்றன என்று கவனித்தால் உங்களுக்கே தெரியும்.

அவர்கள் என்னைச் சோம்பேறி என்று நினைக்கிறார்களோ என்பதுதான் என் பயம்.

சிலர் நினைக்கலாம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓர் அறையில் எல்லோரும் ஒன்றைச் செய்யும்போது, எல்லோரும் அதை விரும்பித்தான் செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தவறாக எண்ணிக்கொள்வது மிகவும் சாதாரணமானது. எல்லோரும் உள்ளுக்குள் எழும்பிப் போக விரும்பிக்கொண்டு, மற்றவர் இருக்கிறாரே என்பதற்காகவே இருப்பார்கள். சமூக உளவியலில் பல தடவை ஆராயப்பட்ட ஒரு பொதுவான மயக்கம் இது.

எங்கள் கிளையில் இருபது வருடம் வேலை செய்த அக்கா ஒருவர் ஒரு நாளும் மேசையை விட்டு எழும்பியதில்லை. நான் போவதை அவர் விரும்பவில்லை என்றே நம்பியிருந்தேன். அவர் இடமாற்றம் பெற்றுப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன், "தங்கச்சி, அந்த வேம்புக்குக் கீழை காத்து வருமோ?" என்று கேட்டார். வரும் என்றேன். அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். புதிதாக வந்த காலத்தில் யாரோ ஒருவர் மேசையிலேயே சாப்பிட்டதைப் பார்த்து, அதுதான் இங்கத்தைய ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

எல்லோரும் அந்த அக்கா மாதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தில் இருக்கப் பிடிக்காமல் மேசையில் தனியே சாப்பிடுபவர்கள் உண்டு. குழந்தையைக் கூட்டிவர நான்கு மணிக்குப் புறப்பட வேண்டியிருப்பதால் இடைவேளையை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய காரணம் அவர்களுக்கு. யூகித்து வருந்துவதை விட, ஒருவரிடம் நேரே "நீங்களும் வாறியளோ?" என்று கேட்பது மேல். வரமாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

முகாமையாளரே மேசையில் சாப்பிடுகிறார். அவருக்கு முன்னால் எழும்பிப் போவது எப்படி?

நேரம் மாறாமல் போங்கள். ஒரு நாள் 12.40, ஒரு நாள் 1.10, ஒரு நாள் போகாமல் விடுவது என்று இருந்தால், போகும் ஒவ்வொரு நாளும் புதிதாக அனுமதி கேட்பதுபோல உங்களுக்கும் இருக்கும், அவருக்கும் கண்ணில் படும். ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வருபவரை மூன்று, நான்கு கிழமையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். முதலில் ஒரு முறை மட்டும், "சேர், 12.45இலிருந்து 1.25 வரை சாப்பாட்டுக்குப் போறன், அவசரக் கணக்குகளை முதலே அனுப்பிவிடுவன்" என்று சொல்லுங்கள். அது தகவல், அதற்குள் மன்னிப்பைக் கலக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். கருமபீடத்தில் ஆள் வேண்டும் என்பது காரணமானால், இரண்டு பேர் மாறி மாறிப் போகும் ஒழுங்கை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

அம்மா சொல்கிறார், "நாங்கள் ஓடி ஓடிச் சாப்பிட்ட ஆட்கள், உங்களுக்கு ஆறுதலாக இருந்து சாப்பிடக் கிடைத்திருக்கிறது" என்று. அதைக் கேட்டால் மேசையில் அவசரமாகச் சாப்பிட்டால்தான் சரி என்று தோன்றுகிறது.

2009இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் உள்ள வீடுகளில் சோறு வெறும் சோறு இல்லை. அந்தப் பாரம் உண்மையானது, அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அது அலுவலகத்தில் உள்ள நான்கு பேருக்கு நீங்கள் பட்ட கடன் இல்லை. அவசரமாக விழுங்குவதால் அம்மாவுக்கும் எதுவும் திரும்பிக் கிடைக்காது. அவர் சொன்னதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். "கிடைத்திருக்கிறது" என்ற சொல்லில் குறை சொல்வதை விட ஆறுதல்தான் கூட இருக்கும்.

அதே அம்மாவிடம் அரிவி வெட்டு நாட்களைப் பற்றிக் கேளுங்கள். அரிவாளைப் பிடித்தபடி யாராவது சோறு சாப்பிட்டதுண்டா? வெட்ட எவ்வளவு கிடந்தாலும், சோற்றுப் பெட்டி வந்ததும் எல்லோரும் அரிவாளை வரம்பில் வைத்துவிட்டு, வாய்க்காலில் கை கால் கழுவி, மருதமர நிழலில் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். வயற்காரரும் அவர்களோடு இருந்தார். உடம்பால் உழைத்த அந்தத் தலைமுறையில் யாரும் அதைச் சோம்பல் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. வேலையோடு சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் நமக்குக் கந்தோரோடு வந்தது.

எழும்பிப் போகிறேன், ஆனாலும் திரும்பி வரும்போது களைப்பாகத்தான் இருக்கிறது. பிறகு போய் என்ன பயன்?

அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஜோன் ட்ரூகாகோஸும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மத்தியான இடைவேளையில் செய்வது எதுவாயினும் அதைத் தாமே தெரிவு செய்ததாக உணர்ந்தவர்களுக்கு நாள் முடிவில் களைப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. சக ஊழியரோடு கூடியிருந்து கதைப்பதுகூட, வேறு வழியில்லாமல் இருந்து கதைப்பதாக இருந்தால், களைப்பைக் கூட்டியது. அலுவலகக் குறைகளை அதே ஆட்களோடு நாற்பது நிமிடம் பேசிவிட்டு வந்தால் ஓய்வு கிடைக்காததில் வியப்பில்லை. குற்ற உணர்வோடு இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதும் அதே வகைதான்: உடல் வேம்புக்குக் கீழே, மனம் மேசையில்.

எனக்கு நீரிழிவு உண்டு. "வேலை முடியட்டும்" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது சரியா?

நீங்கள் இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சரியில்லை. அவை இரத்தத்தில் சீனியைக் குறைக்கும். சாப்பாடு பிந்தினால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல், எழுத்துகள் மங்குவது ஆகியவை அடையாளங்கள். உடனே சீனி கரைத்த தண்ணீரோ இனிப்புப் பானமோ குடித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். பிறகு மருத்துவரிடம் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த விடயத்தில் கூச்சத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் உங்கள் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

திரும்பி வந்து இருக்கும்போது என்ன சொல்வது? "சொறி, கொஞ்சம் சுணங்கிப்போச்சு" என்றுதான் வாயில் வருகிறது.

சுணங்கினால் சொல்லுங்கள். சுணங்காத நாளில் சொல்லாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்த ஒருவர் மன்னிப்புக் கேட்டால், அங்கே ஏதோ பிழை நடந்தது என்று கேட்பவருக்கும் தோன்றும். நான் சில மாதம் பழகி அந்த வசனத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதிரையை இழுத்துப் போடும்போது, காசாளர் தம்பியின் பக்கம் திரும்பி, "ஆர் எடுத்தவை?" என்று கேட்பேன். அநேகமான நாட்களில் அவர் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்புவார்.